பால் பொங்கும் வீட்டுக்கு எளிய அலங்காரம்

கிரகப்பிரவேச முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில்தான் அமையும். அதனால் அலங்கார வேலையை முதல் நாள் மாலையே முடித்துவிட வேண்டும். மூன்றரை அடி அகல வாசல் உள்ள இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் வாசல். நாலரை அடிக் கயிற்றில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகப் பதினோரு மாவிலைகளைக் கோத்தால் தோரணம் தயார். இலைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கோத்தால் மறுநாளும் வாடாது. புதுச் சுவரில் டேப் ஒட்டினால் கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும். ஆகவே மர நிலையின் மேல்பக்கத்தில் இரண்டு சிறு ஆணிகள் அடித்துத் தோரணத்தைக் கட்டலாம்.

தாரோடு கூடிய முழு வாழைமரம் தனி வீட்டுக்குத்தான் சரி. ஃப்ளாட்டின் நடைபாதையில் அது வழியை மறிக்கும் என்பதால் நாலடிக் கன்றுகள் இரண்டு போதும். வாழைக்கறை சுவரில் பட்டால் லேசில் போகாது. கன்றின் அடியைப் பழைய சாக்கில் சுற்றிக் கட்டுங்கள்.

டைல்ஸ் தரையில் உலர்ந்த கோலமாவு நிற்காது, நாலு பேர் நடந்தால் கலைந்துவிடும். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்து இழைக்கோலம் போடுங்கள். வெளிர்நிறத் தரையில் வெள்ளைக் கோலம் எடுபடாது என்று காவி பூசினால் டைல்ஸ் இடுக்குகளில் கறை தங்கிவிடும். அதற்குப் பதில் காவி பூசிய மணைப்பலகையில் கோலமிட்டு, கால் படாத ஓரமாக வையுங்கள்.

அடுத்தது பால் காய்ச்சும் இடம். புது வீட்டில் கேஸ் இணைப்பு வந்திராவிட்டால் சிறிய அடுப்பு ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அடுப்பைத் துடைத்துப் பொட்டு வைத்து, சுற்றிலும் மெல்லிய கோலம் போட்டால் போதும். காகிதப் பூ, துணித் திரை, பூச்சரம் எதுவும் தீக்கு அருகே வேண்டாம். பால் பொங்காமல் ஏமாற்றுவதற்குப் பெரும்பாலும் பாத்திரமே காரணம். ஒரு லிட்டர் பாத்திரத்தில் அரை லிட்டர் பாலை ஊற்றினால் எளிதில் பொங்கி வழியாது, முக்கால் பாகமாவது நிரம்பியிருக்க வேண்டும். அகன்ற பாத்திரத்தைவிட வாய் குறுகிய பித்தளைச் சொம்பில் சீக்கிரம் பொங்கும். கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டும்போது இலை தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழியும் பால் பர்னரை அணைத்துவிடலாம், அப்போது கேஸ் கசியும். பொங்கியதும் அடுப்பை அணைப்பதற்கென்று ஒருவர் அருகில் நிற்க வேண்டும்.

கடைசியாகப் பூக்கள். முதல் நாளே வாங்கும் மல்லிகை மறுநாள் காலையில் பழுத்துவிடும். செவ்வந்தியும் சம்பங்கியும் தாங்கும். உருளியில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, காம்பு கிள்ளிய செவ்வந்தியை ஓரத்தில் வளையமாக மிதக்கவிட்டு, நடுவில் ரோஜா இதழ்களைத் தூவுங்கள். ஹோமப் புகையும் சூடும் பூக்களை வாட்டிவிடும் என்பதால், உருளியைக் கூடத்தில் ஹோம குண்டத்திலிருந்து தள்ளி, வருகிறவர் கண்ணில் படும் மூலையில் வையுங்கள்.

இத்தனைக்கும் இரண்டு பேர், ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குமேல் எதைச் சேர்ப்பதானாலும், ஹோமத்துக்கும் அடுப்புக்கும் ஆட்கள் நடப்பதற்கும் அது இடைஞ்சலாகுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.