கல்யாண வீடியோ எப்போது வரும்? எத்தனை முறை திருத்தலாம்?

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆனதும் வீட்டில் ஒரு கேள்வி எழும்: "வீடியோ எப்ப வரும்?" கேட்பவர்கள் கல்யாணத் தேதியிலிருந்து நாட்களை எண்ணுகிறார்கள். எடிட்டரோ கடைசி ஃபுட்டேஜ் தன் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுகிறார். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் முதல் மனக்கசப்பு பிறக்கிறது. இரண்டாவது மனக்கசப்பு, "சின்ன கரெக்‌ஷன்தானே" என்ற சொல்லில் பிறக்கிறது.

இப்போதெல்லாம் படம் பிடிப்பவர் ஒருவர், எடிட் செய்பவர் வேறு ஒருவர் என்பது சாதாரணம். எடிட்டர் வேறு ஊரில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்பவராக இருப்பார். குடும்பத்தாரை நேரில் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் வேலையைத் தொடங்கும் முன் அவர் அனுப்பும் ஒரு மின்னஞ்சல், இரு தரப்புக்கும் ஒரே கணக்கைக் கொடுக்க வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும், அதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 4 மாலை வரவேற்பு, 5 காலை முகூர்த்தம். இரண்டு ட்ரெடிஷனல் கேமரா, இரண்டு கேண்டிட் கேமரா, ஒரு ட்ரோன். எடிட்டர் கோயம்புத்தூரில் இருக்கிறார். மணப்பெண்ணின் அண்ணன்தான் அவரிடம் வேலையை ஒப்படைத்தவர். அவருக்கு எடிட்டர் இப்படி எழுதுகிறார்:

*பொருள்: திருமண வீடியோ – கொடுக்கும் தேதிகள், திருத்தச் சுற்றுகள்*

*வணக்கம் சார்,*

*ஹார்ட் டிஸ்க் பிப்ரவரி 10 அன்று கிடைத்தது. ட்ரோன் பதிவு மட்டும் வரவில்லை. அது பிப்ரவரி 14-க்குள் வந்தால் கீழே உள்ள தேதிகள் பொருந்தும். எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் எல்லாத் தேதிகளும் தள்ளிப்போகும்.*

*பிப்ரவரி 16-க்குள் எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஹைலைட்ஸுக்கான பாட்டு. இரண்டு, வீடியோவில் கட்டாயம் வர வேண்டிய உறவினர்களின் போட்டோ, பெயர், உறவுமுறை.*

*ஒரு நிமிட டீசர்: பிப்ரவரி 20. ஐந்து நிமிட ஹைலைட்ஸ், முதல் வடிவம்: மார்ச் 3. இரண்டு மணி நேர முழுப் படம், முதல் வடிவம்: மார்ச் 24.*

*ஹைலைட்ஸுக்கும் முழுப் படத்துக்கும் தலா இரண்டு திருத்தச் சுற்றுகள் நாம் பேசிய தொகைக்குள் அடங்கும். முழுப் படத்தின் முதல் பட்டியலை மார்ச் 31-க்குள் அனுப்பினால், திருத்திய வடிவம் ஏப்ரல் 5 அன்று வரும். இரண்டாம் பட்டியல் ஏப்ரல் 9-க்குள் வந்தால், இறுதிப் படம் ஏப்ரல் 13. மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 2,500 ரூபாய்.*

*ஒரு சுற்று என்பது ஒரே பட்டியல். வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு, நீங்கள் ஒருவரே, நிமிடம்-விநாடி குறித்து அனுப்புங்கள். என் கையால் நேர்ந்த பிழைகள் சுற்றுக் கணக்கில் சேராது. அவற்றை எப்போது சொன்னாலும் சரிசெய்து தருவேன்.*

*இறுதிப் படம் கொடுத்த 60 நாள் வரை ஃபுட்டேஜ் என்னிடம் இருக்கும். அதன் பிறகு அழித்துவிடுவேன். இவை சரியென்றால் "சம்மதம்" என்று பதில் அனுப்புங்கள், வேலையைத் தொடங்குகிறேன்.*

நாட்கள் எங்கே போகின்றன?

ஐந்து நிமிட ஹைலைட்ஸுக்கு இரண்டு வாரத்துக்கு மேலா என்று தோன்றும். எல்லா கேமராவையும் கூட்டினால் இந்தக் கல்யாணத்தில் சுமார் 18 மணி நேரப் பதிவு இருக்கிறது. வழக்கமான 4கே தரத்தில் ஒரு மணி நேரம் 45 ஜிபி பிடிக்கும் என்றால், மொத்தம் 800 ஜிபிக்கு மேல். முதல் வேலை, இதை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் அதற்கே இரண்டு மணி நேரம் போகும். அதைச் செய்யாமல் எடிட்டைத் தொடங்கும் எடிட்டரிடம் வேலை கொடுக்கக் கூடாது. ஒரு டிஸ்க் பழுதானால் முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாது.

அடுத்து, பதிவைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பார்த்தால்கூட அதற்கு மூன்று நாள். பிறகு எல்லா கேமராவையும் ஒரே நேரக்கோட்டில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு கேமராவும் வெவ்வேறு நேரத்தில் ஓடி நின்றிருக்கும். அவற்றை ஒலியை வைத்துத்தான் சேர்ப்பார்கள். கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் ஒவ்வொரு கேமராவின் ஒலி வரைகோடும் ஒன்றுபோலச் சட்டென உயரும். மென்பொருள் அதைப் பிடித்துப் பொருத்திவிடும். ட்ரோனில் பொதுவாக ஒலி பதிவாவதில்லை. அதைக் கண்ணால் பார்த்துத்தான் இடம் சேர்க்க வேண்டும். ட்ரோன் பதிவு கடைசியில் வந்தால், வெட்டி முடித்த இடங்களைப் பிரித்து அதற்கு இடம் செய்ய வேண்டியிருக்கும். மின்னஞ்சலின் முதல் பத்தியே ட்ரோனைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

உறவினர் போட்டோ கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. மேடைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் யார் தாய்மாமன், யார் நாத்தனார், சென்ற வருடம் படுக்கையில் இருந்து எழுந்து வந்த பாட்டி யார் என்று எப்படித் தெரியும்? முதல் வடிவத்தைப் பார்த்ததும் "பெரியப்பாவையே காணோமே" என்று எழும் குறை, எடிட்டர் ஆளை அறியாததால் வருவது. பத்துப் பன்னிரண்டு போட்டோவில் அதை முன்கூட்டியே தீர்த்துவிடலாம். பெரியப்பா எந்த கேமராவிலும் பதிவாகவில்லை என்றால், அதை எத்தனை சுற்றிலும் சரிசெய்ய முடியாது.

சுற்று என்பது எது?

தகராறு அதிகம் வருவது இங்கேதான். "இரண்டு திருத்தம்" என்று மட்டும் எழுதினால், ஒருவர் இரண்டு காட்சி என்று புரிந்துகொள்வார், இன்னொருவர் இரண்டு மாதம் என்று புரிந்துகொள்வார். ஒரு பட்டியலில் ஒரு குறை இருந்தாலும் இருபது குறை இருந்தாலும் அது ஒரே சுற்று. காலையில் அம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ், மாலையில் மாப்பிள்ளையின் அக்கா ஒரு மெசேஜ், மறுநாள் சித்தப்பா ஒரு போன் என்று வந்தால், ஒவ்வொரு முறையும் எடிட்டர் திறந்து, மாற்றி, மறுபடி ரெண்டர் செய்து, ஏற்றி அனுப்ப வேண்டும். அதைவிடச் சிக்கல், அம்மா நீட்டச் சொன்ன காட்சியைத்தான் அக்கா குறைக்கச் சொல்லியிருப்பார். குடும்பத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவை எடிட்டர் எடுக்க முடியாது. அதனால்தான் ஒருவர் வழியாக வரும் ஒரே பட்டியல்.

பட்டியலில் எழுதும் விதமும் முக்கியம். "நடுவில் கொஞ்சம் போரடிக்குது" என்றால் எடிட்டர் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தவறினால் ஒரு சுற்று வீண். "1:12:40 – மாமா மாலை போடும் காட்சி சீக்கிரம் முடிகிறது, இன்னும் ஐந்து விநாடி வேண்டும்" என்றால் வேலை ஒரே தடவையில் முடியும். முதல் சுற்றில் பெரிய விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: காட்சிகளின் வரிசை, விடுபட்டவர்கள், நீளம். அவை உறுதியானதும் எடிட்டர் வரிசையைப் பூட்டிவிடுவார். தொழிலில் இதற்கு பிக்சர் லாக் என்று பெயர். நிறம் சரிசெய்வதும் ஒலியைச் சீராக்குவதும் அதற்குப் பின்னால்தான் முழுமையாக நடக்கும். இரண்டாம் சுற்று, பெயரின் எழுத்து, ஓரிரு விநாடி கூட்டல் குறைத்தல் போன்றவற்றுக்கு. பூட்டிய பிறகு நடுவில் ஒரு காட்சியைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள ஒலி, பாட்டு, எழுத்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பாட்டை மாற்றினால் என்ன ஆகும்?

நம் உதாரணத்தில், மார்ச் 8 அன்று அண்ணன் ஹைலைட்ஸுக்கு முதல் பட்டியல் அனுப்புகிறார் என்று கொள்வோம். அதில் மூன்று கோரிக்கைகள். மணமகனின் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறு. குடும்பம் அனுப்பிய பட்டியலில் பெயர் சரியாகவே இருந்தது. ஊஞ்சல் காட்சி இன்னும் கொஞ்சம் வேண்டும். அம்மாவுக்குப் பாட்டு பிடிக்கவில்லை, வேறு போட வேண்டும்.

முதலாவது எடிட்டரின் பிழை, கணக்கில் சேராது. இரண்டாவது திருத்தம், முதல் சுற்றுக்குள் அடங்கும். மூன்றாவது கேட்க எளிது, செய்வது ஏறக்குறைய புது எடிட். ஹைலைட்ஸில் காட்சிகள் பாட்டின் தாளத்தில் வெட்டப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 90 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. 120 தட்டு உள்ள பாட்டில் அரை விநாடிதான். பாட்டு உச்சம் தொடும் இடத்தில் தாலி கட்டும் காட்சி வருமாறு அமைத்திருப்பார். புதுப் பாட்டின் உச்சம் வேறு நிமிடத்தில் வரும். ஒரு வெட்டுகூடப் பழைய இடத்தில் பொருந்தாது. பிப்ரவரி 16-க்குள் பாட்டு வேண்டும் என்று கேட்டது இதற்காகவே. இப்போது எடிட்டர் அந்த வரியைக் காட்டி, மாற்றினால் எத்தனை நாள், எவ்வளவு கூடுதல் தொகை என்று தொடங்கும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். முடிவு குடும்பத்தினுடையது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இறுதிப் படம் வந்ததும் அதை முழுதாக ஓட்டிப் பார்த்து, இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். இரண்டு மணி நேரப் படம் ஹெச்.டி. தரத்தில் 15 ஜிபிக்கு மேல் போகலாம். FAT32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைல் ஏறாது. படத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தர வேண்டுமா, உங்கள் டிவி வேறு ஃபார்மட்டைப் படிக்குமா என்பதை ஏப்ரல் 13-க்கு முன்பே எடிட்டரிடம் பேசிவிடுங்கள். ஃபுட்டேஜும் வேண்டுமென்றால், 60 நாள் கெடுவுக்குள் காலி டிஸ்க் அனுப்பி வாங்கிவிட வேண்டும்.

இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் தயக்கமின்றிக் கேள்வி கேளுங்கள். எடிட்டர் தன் தேதியைத் தவறவிட்டால் என்ன செய்வார் என்பது இதில் இல்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. குடும்பம் தாமதித்தால் தேதி தள்ளும் என்று எழுதுபவர், தான் தாமதித்தால் எத்தனை நாள் முன்பே தெரிவிப்பார், தொகையில் எவ்வளவு குறைப்பார் என்பதையும் எழுத வேண்டும். பேசி முடித்த பிறகு, "சம்மதம்" என்ற பதிலை அதே மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது என்று இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தப் பதிலை எழுதும் முன் தேதிகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டு, பட்டியல் அனுப்ப வேண்டிய நாட்களில் வீட்டில் எல்லோரும் படத்தைப் பார்க்க முடியுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.