பாம்புக் கடியும் கயிற்றுக் கட்டும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைக் கடந்து பொன்முடி மலைக்கு ஏறும் வழியில், கல்லாறு என்னும் வனப்பகுதி இருக்கிறது. அங்கு வாழும் காணி குலத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு, மூலிகை வைத்தியத்தில் அவருக்குள்ள புலமையைப் போற்றி, 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பாம்புக் கடிக்குப் பச்சிலை நாடி அவரிடம் சென்றோர் பலர்.

மனிதரின் உடலில் ஏறிய பாம்பு நஞ்சை முறிப்பதாகச் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்ட பச்சிலை இன்றுவரை ஒன்றுமில்லை. அங்ஙனமாயின், பச்சிலையால் பிழைத்தோம் என்று கூறுவோர் பொய் கூறுகின்றனரா? இல்லை. நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நச்சுப் பாம்புங்கூடச் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடித்துவிடும். இவ்விரு வகைக் கடியிலும் எம்மருந்தும் இன்றியே மனிதர் பிழைப்பர். புகழ் மட்டும் மருந்தைச் சேரும். எந்தக் கடியில் நஞ்சு ஏறியுள்ளது என்பதைக் கடித்த சிறிது நேரத்தில் வீட்டிலுள்ளோர் அறிய இயலாது. பற்குறியும் நம்பத்தக்கதன்று. கட்டுவிரியன் (மலையாளத்தில் வெள்ளிக்கட்டன்) கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. குறியே தென்படாமலும் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். விடியற்காலையில் ரப்பர் மரம் வெட்டச் சென்ற ஒருவரைச் சருகினுள் கிடந்த பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. அவர் ஓடலாகாது, அங்கேயே அமரவேண்டும். உடன் இருப்பவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனத்தில் குறித்துக்கொள்ளட்டும். கால் மோதிரம், கொலுசு, செருப்பு ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிட வேண்டும். காலுக்கு ஒரு கம்பை வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல, துணியால் தளர்வாகக் கட்டுக. நஞ்சின் பெரும்பகுதி நிணநீர்க் குழாய்கள் வழியே பரவுகிறது. தசை அசையுந்தோறும் அது விரைவில் மேலேறும். அசையாதிருத்தலே இங்கு முதல் சிகிச்சை. பின்னர் அவரைத் தூக்கிச் செல்க. வாகனம் வராத பாதையாயின், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே அமர்த்திச் செல்லலாம். வாந்தி எடுப்பாராயின், இடப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும்.

கயிற்றுக் கட்டைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது அவசியம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெருந்தீங்கு அதுவே. கண்ணாடிவிரியனின் (அணலியின்) நஞ்சு தசையையும் அழிக்க வல்லது. இறுகக் கட்டிய காலில் நஞ்சு ஓரிடத்திலேயே தேங்குகிறது, இரத்தமோ வருவதில்லை. இதனால் உயிர் தப்பியும் காலை இழந்தவர் உண்டு. கட்டைத் திடீரென அவிழ்த்தாலோ, தேங்கிய நஞ்சு ஒரே வீச்சில் உடலெங்கும் பாயும். ஆகவே எவரேனும் முன்னரே இறுகக் கட்டியிருப்பின், வழியில் அதனை அவிழ்க்காமல் அப்படியே விரைந்து கொண்டுசெல்க. மருந்தை அருகில் வைத்துக்கொண்டு மருத்துவரே அவிழ்ப்பார். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் நஞ்சை வெளிக்கொணர்வதில்லை. இரத்தம் உறையாத நிலையில் கீறிய புண் நில்லாது ஒழுகும்.

பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டா. இந்தியாவில் தயாரிக்கப்படும் நஞ்சு முறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவானது. நோயாளியிடம் காணும் குறிகளைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார். அதற்குரிய சோதனை வியப்பூட்டும் எளிமை உடையது. சுமார் 2 மில்லி லிட்டர் இரத்தத்தைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். இரத்தம் உறையாமல் ஓடினால், விரியன் நஞ்சு ஏறியுள்ளது என்று கொள்வர். நாகமோ கட்டுவிரியனோ ஆயின் இமைகள் தாழும்; பேச்சு குழறும்; விழுங்குவது கடினமாகும்; பின்னர் மூச்சுத் தளரும். வழியில் இவற்றுள் எது எப்போது தோன்றியது என்பதை உடன் வருவோர் கவனித்துச் சொன்னால், மருத்துவருக்கு அது பேருதவி.

மலைப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சருகுகளில் வாழும் மூக்கு தூக்கிய குழிவிரியனுக்கு அப்பொது மருந்து பயன்படுவதில்லை. அது கடித்தாலும் இரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகமும் கெடலாம். அப்போது மருத்துவர் ஊசி போடாமல், சிறுநீரின் அளவைக் கவனித்து, வேண்டின் இரத்தச் சுத்திகரிப்புக்கு அனுப்புவார். இதனை அசட்டை என்று கருதி, நோயாளியை அழைத்துக்கொண்டு திரும்பிவிடும் உறவினர்கள் உண்டு. பாவம், அவர்களிடம் இதனை எவரும் விளக்கியிருக்கமாட்டார்கள். அம்மருந்து குதிரையின் இரத்த நீரினின்று எடுக்கப்படுவது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை விளைவிக்கும். ஆதலின் தேவையின்றி அதனைச் செலுத்துவதில்லை.

குறி ஒன்றுமே தோன்றாவிடினும், 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்கச் செய்வர். இரவில் உறங்குபவரின் இமையைத் தூக்கிப் பார்க்கவும், மூச்சைக் கவனிக்கவும் தாதியர் அடிக்கடி வருவர். அவ்வேளையில் அருகில் அமர்ந்து, மெல்லிய குரலில் வீட்டுச் செய்திகளைப் பேசிக்கொண்டிருப்பது உறவினர் செய்யக்கூடிய பணி. பேச்சில் குழறல் கண்டால், அதனை முதலில் அறிபவரும் அவரே.