உயரமும் எடையும்: எதில் ஏற்றத்தாழ்வு அதிகம்?

திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைக்கும் சதவீதமே மாறுபாட்டுக் கெழு. இதை 1896இல் அறிமுகப்படுத்தியவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். திட்ட விலக்கம் மட்டும் போதாதா என்ற கேள்விக்கு ஓர் எளிய கணக்கே பதில் தந்துவிடும்.

ஐந்து மாணவர்களின் உயரம் 150, 155, 160, 165, 170 செ.மீ. என்றும், எடை 40, 45, 50, 55, 60 கிலோ என்றும் கொள்வோம். உயரத்தின் சராசரி 160. அதிலிருந்து ஒவ்வொருவரும் விலகும் அளவு 10, 5, 0, 5, 10. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 250. ஐந்தால் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் 7.07. எடையின் சராசரி 50. விலகல்கள் அதே எண்களாக இருப்பதால் திட்ட விலக்கமும் அதே 7.07தான்.

எண் ஒன்றானாலும் ஒன்று சென்டிமீட்டர், மற்றது கிலோ. இரண்டையும் சமம் என்று சொல்ல இடமே இல்லை. உயரத்தை மீட்டரில் எழுதினால் அதன் திட்ட விலக்கம் 0.0707 ஆகச் சுருங்கிவிடும். பிள்ளைகள் மட்டும் அப்படியே இருப்பார்கள். சராசரியால் வகுக்கும்போது அலகு அடிபட்டுப் போகிறது. உயரத்தின் மாறுபாட்டுக் கெழு 7.07 ÷ 160, அதாவது 4.4%. எடைக்கு 7.07 ÷ 50, அதாவது 14.1%. மீட்டரானாலும் பவுண்டானாலும் இவை மாறுவதில்லை. சராசரியோடு ஒப்பிட, எடையின் பரவல் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

இந்த முடிவைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை. உடலமைப்பின் விகிதம் மாறாமல் உயரம் 1% கூடினால், அகலமும் பருமனும் சேர்ந்து கூடுவதால் கன அளவு ஏறக்குறைய 3% கூடும். மனித உடல் இந்த விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனாலும் எடையின் கெழு உயரத்தின் கெழுவைவிடப் பெரிதாக இருப்பதற்கு வடிவியலே ஒரு காரணம். பெரிய கெழுவைக் கண்டதும் உணவுப் பழக்கத்தின் மேல் பழி போடுவது அவசரம்.

அளவுகோலின் பூச்சியம் ‘எதுவுமே இல்லை’ என்ற நிலையைக் குறிக்க வேண்டும் என்பது இந்தக் கெழுவின் அடிப்படை நிபந்தனை. உயரத்துக்கும் எடைக்கும் அது பொருந்தும். செல்சியஸ் வெப்பநிலைக்குப் பொருந்தாது. 20, 25, 30 டிகிரி செல்சியஸ் என்ற மூன்று அளவுகளின் கெழு 16.3%. அதே வெப்பநிலைகளை 68, 77, 86 என ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 9.5%. வெப்பம் மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. அளவுகோலை மாற்றியதும் கெழு மாறினால், அங்கே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறியலாம். லாப நட்டக் கணக்குபோலக் கூட்டல், கழித்தல் எண்கள் கலந்து சராசரி பூச்சியத்தை நெருங்கும் இடங்களிலும் இதே சிக்கல்தான்: வகுக்கும் எண் சிறுத்துவிடுவதால், சாதாரணப் பரவல்கூடப் பல நூறு சதவீதமாக ஊதிக் காட்டும். அத்தகைய தரவுகளுக்குத் திட்ட விலக்கத்தை அதன் அலகோடு தருவதே சரி.