யாரும் தேர்ந்தெடுக்காத 3 சதவீதம்

அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்களின் ஓய்வுக்காலத்துக்கென 401(கே) என்ற சேமிப்புத் திட்டம் உண்டு. ஊழியர் சொல்லும் சதவீதத்தைச் சம்பளத்தில் பிடித்து முதலீடு செய்வார்கள். பல நிறுவனங்கள் தங்கள் பங்கையும் சேர்த்துப் போடும். அப்படியும் பலர் சேருவதில்லை. எவ்வளவு பிடிக்கச் சொல்வது, எந்த நிதியில் போடுவது என்று படிவம் கேட்கும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

1998 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் விதியைத் தலைகீழாக்கியது. புதிதாக வேலைக்கு வருகிறவர் தானாகவே திட்டத்தில் சேர்க்கப்படுவார். வேண்டாம் என்பவர்தான் எழுதித் தரவேண்டும். பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே என்ற இரு ஆய்வாளர்கள் அதன் விளைவைக் கணக்கெடுத்து 2001இல் வெளியிட்டார்கள். பழைய விதியில் 49 சதவீதம் பேர் சேர்ந்திருந்தார்கள். புதிய விதியில் வேலைக்கு வந்தவர்களில் 86 சதவீதம் பேர் திட்டத்தில் இருந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிக் கதைதான் முக்கியம் என்பேன். தானாகச் சேர்த்தபோது நிறுவனம் வைத்த அளவு சம்பளத்தில் 3 சதவீதம். பணம் போனது, ஆபத்தும் குறைவு, வளர்ச்சியும் குறைவு என்ற வகை நிதிக்கு. பெரும்பாலோர் இரண்டையும் மாற்றவே இல்லை. தாங்களே யோசித்திருந்தால் கூடுதலாகப் போட்டிருக்கக்கூடிய சிலரும் அந்த 3இலேயே நின்றார்கள். ‘கம்பெனியே சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும்’ என்று அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதனால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளத்தில் 6 சதவீதம் வரை ஊழியர் போடும் ஒவ்வொரு டாலருக்கும் நிறுவனம் அரை டாலர் போடுகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 40,000 டாலர் வாங்குபவர் 3 சதவீதத்தில் நின்றால் அவர் பங்கு 1,200, நிறுவனத்தின் பங்கு 600. 6 சதவீதம் போட்டிருந்தால் நிறுவனம் 1,200 தந்திருக்கும். வருடா வருடம் 600 டாலர் கைக்கு வராமலே போகிறது.

இதற்கு ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். சேமிப்பை இன்றே கூட்டச் சொன்னால் ஊழியர் தயங்குவார். அடுத்த சம்பள உயர்வு வரும்போது கூட்டிக்கொள்ள இன்று ஒப்புதல் கேட்டால் சம்மதிப்பார். கையில் வாங்கும் தொகை குறையாதே. இதை முதலில் செய்துபார்த்த நிறுவனத்தில், ஒப்புக்கொண்டவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. விலகவும் எப்போதும் வழி இருந்தது.

உங்கள் அலுவலகமும் ஏதாவது திட்டத்தில் உங்களைத் தானாகச் சேர்த்திருந்தால், பிடித்தம் எத்தனை சதவீதம், பணம் எந்த நிதியில் போகிறது என்ற இரண்டையும் இந்த மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.