புள்ளி எங்கே போனது?

‘எ டிஃபரன்ட் வேர்ல்ட்’ 1987 முதல் 1993 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். 2025இல் அதை நெட்ஃபிளிக்ஸில் பார்த்த சிலர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். பாத்திரங்களுக்குப் பின்னால், சுவரில் ஒட்டிய போஸ்டர்களில் எழுத்துகளைப் போல ஏதோ இருந்தன. அவை எந்த மொழியின் எழுத்துகளும் இல்லை. வீடியோ டேப்பில் பதிவான பழைய தொடரை இன்றைய திரைக்கு ஏற்ப ஏஐ மூலம் பெரிதாக்கியதால் வந்த கோளாறு இது என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அந்தக் கோளாறு கண்ணில் பட்டுவிடுகிறது. அதனால் பெரிய ஆபத்தில்லை. பார்வைக்குச் சுத்தமாக இருந்துகொண்டே தவறாக இருக்கும் எழுத்துதான் உண்மையில் ஏமாற்றுகிறது. பழைய கல்யாணப் பத்திரிகை, பள்ளிக் குழுப் படம், தாத்தா காலத்து ரசீது என்று பலவற்றையும் செல்பேசிச் செயலியில் போட்டுத் தெளிவாக்கும் பழக்கம் வந்துவிட்டதால், இந்த ஏமாற்று நம் வீடுகளுக்குள்ளும் நுழைகிறது.

ஒரு குழுப் படத்தை எடுத்துக்கொள்வோம். முன்வரிசையின் நடுவே ஒரு பலகை; அதில் வகுப்பும், ‘1983-84’ என்று ஆண்டும் எழுதியிருக்கின்றன. யாரோ படத்தைச் செல்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது 1280 பிக்சல் அகலத்தில் நம்மிடம் வந்து சேர்கிறது. பலகை படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், அதற்குக் கிடைப்பது 128 பிக்சல். ஒரு வரியில் 16 எழுத்துகள் இருந்தால் எழுத்து ஒன்றுக்கு எட்டே பிக்சல். இந்த அளவில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி ஒரு பிக்சல்தான். 3 என்ற எண்ணையும் 8 என்ற எண்ணையும் வேறுபடுத்துவது இடப்பக்கத்தில் உள்ள ஓரிரு பிக்சல்கள்தான். படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அவையும் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடுகின்றன.

இப்போது இதை நான்கு மடங்கு பெரிதாக்கச் சொல்கிறோம். நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்கு; ஆக ஒரு பிக்சல் இருந்த இடத்தில் பதினாறு வர வேண்டும். ஒன்றுக்கு மட்டுமே மூலப்படத்தில் ஆதாரம் உண்டு. மீதிப் பதினைந்தையும் மென்பொருளே எழுதிக்கொள்கிறது.

எப்படி எழுதுகிறது? 2021இல் வெளிவந்த, பலரும் பயன்படுத்தும் ரியல்-எஸ்ர்கான் போன்ற மென்பொருள்களின் பயிற்சியைப் பார்த்தால் புரியும். தெளிவான படங்களை எடுத்து, வேண்டுமென்றே மங்கலாக்கி, சுருக்கி, இரைச்சல் சேர்த்துக் கெடுக்கிறார்கள். கெட்டதிலிருந்து பழையதை மீட்கும்படி மென்பொருளைப் பழக்குகிறார்கள். அது தரும் விடையை மூலத்தோடு ஒப்பிடுவதோடு, இன்னொரு நிரலும் சோதிக்கிறது: இது நிஜப் படம் போல இருக்கிறதா? மங்கலான விடைக்கு அங்கே மதிப்பெண் குறைகிறது. மூன்றா எட்டா என்று தெரியாத இடத்தில் நேர்மையான விடை இரண்டுக்கும் நடுவிலான ஒரு மங்கல்தான். ஆனால் மங்கலுக்குத் தண்டனை உண்டு என்று பழகியதால், மென்பொருள் ஏதோ ஒன்றைத் தேர்ந்து கூர்மையாக வரைந்துவிடுகிறது. ஆக, அந்தக் கூர்மை அதன் பழக்கம். அதை உறுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ் எழுத்துகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. இந்த மென்பொருள்கள் பெரிதாக்கும்போதே இரைச்சலையும் துடைக்கின்றன. ஒரு பிக்சல் அளவுப் புள்ளியும் தூசியும் அவற்றுக்கு ஒன்றுதான். ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும்; இரண்டும் நல்ல சொற்கள் என்பதால் நமக்குச் சந்தேகமே வராது. மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழி கரைந்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிறது. ‘கி’யின் மேல்விலங்கு முனையில் ஒரு சிறு சுழி முளைத்தால் ‘கீ’. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான பத்திரிகைகளில் பெரும்பாலும் துதிக்கை போன்ற பழைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் இருக்கும். இவை இன்றைய படங்களில் அரிது என்பதால் இன்னும் எளிதாகச் சிதைகின்றன.

ஓலைச்சுவடிகளிலும் புள்ளி கிடையாது. ஓலை கிழியும் என்று பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். ‘ர’வுக்கும் காலுக்கும் அங்கே வேறுபாடு தெரியாது. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தார்கள். மற்ற பாடங்களைப் பிரதிபேதமாகக் குறித்தும் வைத்தார்கள். அவர்களும் ஊகித்தார்கள்தான். ஆனால் எங்கே ஊகித்தார்கள் என்பது படிப்பவருக்குத் தெரியும். மென்பொருள் பெரிதாக்கிய படத்தில் அந்தக் குறிப்பு இல்லை. அதை நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் நம்பகமாகப் படும் சோதனை, ஒரே எழுத்தை ஒப்பிடுவது. அச்சில் ஒரு வரியில் ‘ம’ நான்கு முறை வந்தால் நான்கும் ஒரே அச்செழுத்து. ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். பெரிதாக்கிய படத்தில் ஒன்றின் அடிக்கோடு தடித்து, மற்றொன்றின் வளைவு மூடி, இன்னொன்று பக்கத்து எழுத்தோடு ஒட்டி இருந்தால், அந்த வரி முழுவதும் ஊகம் என்று கொள்ளலாம். கையெழுத்துக்கு இது பொருந்தாது. அங்கே கோடுகளைப் பின்தொடருங்கள். பேனா எழுதிய கோட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஊகித்த கோடு நடுவழியில் கரையும், அல்லது காரணமின்றி இரண்டாகக் கிளைக்கும். சுற்றியுள்ள சட்டைத் துணியும் முகங்களும் மங்கலாக இருக்க, பலகை எழுத்து மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

அடுத்தது மூலப்படத்துக்குத் திரும்புவது. ஜிம்ப் மென்பொருளில் படத்தைப் பெரிதாக்கும்போது `Interpolation` என்ற இடத்தில் `None` என்று தேர்ந்தால், எதையும் சேர்க்காமல் கட்டம் கட்டமாகவே காட்டும். அந்தக் கட்டங்களில் புள்ளி இருந்ததா, எட்டின் இடப்பக்கம் மூடியிருந்ததா என்று கண்ணால் பார்க்கலாம். அங்கே தெரியாதது பெரிதாக்கிய படத்தில் ‘தெரிந்தால்’ அது மென்பொருளின் சொந்தச் சரக்கு. படத்தைச் சில பிக்சல் தள்ளி வெட்டி, மறுபடி பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும். முதலில் 3 வந்த இடத்தில் இப்போது 8 வந்தால் ஐயம் தீர்ந்தது.

பெரிதாக்கியதைத் திரும்பச் சுருக்கி மூலத்தோடு ஒப்பிடுவோரும் உண்டு. இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பொருந்தாவிட்டால் படம் மாறியிருக்கிறது என்று சொல்லலாம். பொருந்தினால் எதுவும் நிரூபணமாகாது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற முறை, சுருக்கினால் மூலத்தோடு பொருந்தும் முகத்தைத்தான் தேடித் தந்தது. பராக் ஒபாமாவின் மங்கலான படத்துக்கு அது தந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம். ஒரே மங்கலாகச் சுருங்கக்கூடிய முகங்கள் பல, எழுத்துகளும் அப்படித்தான்.

அசல் காகிதம் கையில் இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்தை ஸ்கேனரில் 300 டிபிஐயில் எடுத்தால் சுமார் 24 பிக்சல் உயரம் கிடைக்கும். 600இல் சுமார் 47. அதில் புள்ளி தெளிவாக நிற்கும். அசல் தொலைந்து, வாட்ஸ்அப் பிரதி மட்டுமே மிஞ்சியிருந்தால், பெரிதாக்கிய படத்தோடு அந்தச் சிறிய பிரதியையும் சேர்த்தே வையுங்கள். பெயர்களைப் படியெடுக்கும்போது ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ‘198[3 அல்லது 8]’ என்றே எழுதுங்கள்.