குழலுக்கு இரண்டு வாய்

வீட்டு ஒலிப்பதிவு: தொடர் கட்டுரை – 9

அறையின் எதிரொலியும் கைத்தொலைபேசியில் ஒலிவாங்கித் துளை அமைந்திருக்கும் இடமும் சென்ற கிழமை பேசப்பட்டன. தொடரை விடாது வாசிப்போருக்கு அவை நினைவிருக்கும். இக்கிழமைக்குப் புல்லாங்குழலும் தபேலாவும் அறிவிக்கப்பட்டிருந்தன. எனினும் குழலின் ஒலி எங்கிருந்து வெளியேறுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டதும், அதற்குரிய விடை கட்டுரையின் பெரும்பகுதியைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குழல் பயிலும் மாணவர் பலர், தாம் வாசித்ததை வீட்டு அறையிலேயே கைத்தொலைபேசியிற் பதிந்து, ஆசிரியருக்கோ கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினருக்கோ அனுப்புகின்றனர். கேட்பவர்கள் திரும்பச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: மத்திம ஸ்தாயியில் இனிமையாக இருக்கும் குழல், தார ஸ்தாயிக்கு ஏறியதும் சீறுகிறது, காதிற் குத்துகிறது. இதற்குக் குழலையே குற்றம் சொல்லும் வழக்கம் உண்டு. தொடக்கநிலை மாணவர் கையிலுள்ள பிளாஸ்ரிக் குழாய்க் குழலை மூங்கிற் குழலாக மாற்றினால் சீறல் நின்றுவிடும் என்று நம்புவோரும் உளர்.

அந்த நம்பிக்கையை ஓர் ஆய்வாளர் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். ஜோன் கோல்ட்மன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர், எக்ஸ்-கதிர் படிமத்தை ஒளி கூட்டிக் காட்டும் கருவியை வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தில் உருவாக்கியவர். தொழிலுக்கு வெளியே அவருடைய வாழ்க்கை முழுவதையும் குழல்கள் ஆட்கொண்டிருந்தன. வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்று பொருள்களில், உள்ளளவும் ஊதுவாயும் ஒன்றாக அமைந்த குழல்களைச் செய்து, கேட்போர் பார்க்கமுடியாதவாறு வாசிக்கச் செய்தபோது, எது எதன் ஒலி என்று அவர்களாற் பிரித்தறிய இயலவில்லை என்பதை அவர் 1971ஆம் ஆண்டு வெளியிட்டார். உள்விட்டமும் ஊதுதுளையின் விளிம்பு சீவப்பட்டிருக்கும் விதமும் ஒலியை மாற்றுகின்றனவேயன்றிச் சுவரின் பொருள் கேட்கத்தக்க அளவில் மாற்றுவதில்லை என்பதே அதன் பொருள். ஆகவே சீறலுக்குக் காரணம் தேடுவோர் குழலின் பொருளை விட்டுவிட்டு, அது ஒலியை வெளியே அனுப்பும் முறையை நோக்க வேண்டும்.

நாதஸ்வரத்தில் ஒலி பெரும்பகுதியும் குழாயின் வழியே வெளிவருவதால், குழலிலும் அவ்வாறே என்று பலர் கருதுகின்றனர். குழலின் ஒலியோ இரண்டு இடங்களிலிருந்து ஏறத்தாழ ஒரே வலிமையோடு வெளியேறுகிறது: ஒன்று உதட்டின் கீழுள்ள ஊதுதுளை, மற்றது விரல்களால் மூடப்பட்ட துளைகளுக்கு அடுத்து வரும் முதல் திறந்த துளை. கருநாடக இசைக் குழலில் சட்ஜம் வாசிக்கையில் முதல் இரண்டு துளைகள் மூடப்பட்டிருக்கும். அப்போது மூன்றாம் துளையே குழலின் இரண்டாவது வாய். அதற்கப்பால் நீளும் மூங்கிற் பகுதிக்கு அந்தச் சுரத்தைப் பொறுத்தவரை சிறிய பங்கே உண்டு.

இந்த இரு வாய்களும் எப்போதும் ஒரே கதியில் மூச்சு விடுவதில்லை என்பதே இக்கிழமை கட்டுரையை நீளச்செய்த உண்மை. மத்திம ஸ்தாயிச் சட்ஜத்தின் அடிப்படை அதிர்வில், குழாயினுள் இருக்கும் காற்று இரு வாய்களிலும் ஒரே கணத்தில் வெளியே தள்ளப்பட்டு, ஒரே கணத்தில் உள்ளே இழுக்கப்படுகிறது. விரல்களை மாற்றாமல் மூச்சைக் கூர்மையாக்கினால் அதே துளைநிலையில் தாரஸ்தாயிச் சட்ஜம் பிறக்கிறது; அப்போது ஒரு வாயிற் காற்று வெளியேறும் கணத்தில் மற்ற வாயில் அது உள்ளே செல்கிறது. இரு வாய்களுக்கும் சமதூரத்தில், அதாவது வாசிப்பவருக்கு நேர் முன்னே நடுக்கோட்டில், ஒலிவாங்கி வைக்கப்பட்டால், மத்திம ஸ்தாயியில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தி வந்து சேரும். தார ஸ்தாயியில் ஒன்றின் அழுத்தத்தை மற்றதன் தளர்வு அழித்துவிடும்.

அழிவது அந்தச் சுரத்தின் அடிப்படை அதிர்வு மட்டுமன்று. ஒரு சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும், அதன் மீடிறனின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அமையும் உயர்ந்த அதிர்வுகள் மேற்றொனிகள் எனப்படும்; மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. குழாயின் அடிப்படை அதிர்வை ஒன்று என்று கொண்டால், தாரஸ்தாயிச் சட்ஜமும் அதன் மேற்றொனிகளும் இரண்டு, நான்கு, ஆறு என்னும் இரட்டை இலக்கங்களில் விழுகின்றன. இரட்டை இலக்க அதிர்வுகள் அனைத்துமே நடுக்கோட்டில் ஒன்றையொன்று அழிப்பவை. மூச்சின் சீறலோ ஊதுதுளையின் விளிம்பில் மட்டும் பிறப்பது; அதை அழிக்க மறுபக்கத்திலிருந்து எதிரலை எதுவும் வருவதில்லை. ஆகவே நடுக்கோட்டில் நிற்கும் கைத்தொலைபேசி சுரத்தைக் குறைத்தும் சீறலைக் குறைக்காமலும் பதிகிறது. கேட்பவர் அதனையே குழலின் கரகரப்பு என்று கொள்கிறார். வாத்தியங்கள் எந்தத் திசையில் எவ்வளவு ஒலியை அனுப்புகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்து, 1972ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் நூலாக்கிய யூர்கன் மேயர், மேலைக் குழலைப் பற்றிக் கூறுவதும் இந்த இருவாய்த் தன்மையையே அடிப்படையாகக் கொண்டது.

நடைமுறையில் ஒலி முழுவதும் மறைந்துவிடுவதில்லை. இரு வாய்களின் வலிமையும் முற்றிலும் சமமன்று; மிக உயர்ந்த மீடிறன்கள் மற்றத் திறந்த துளைகளாலும் கசிகின்றன; சுவரிலும் சீமெந்துத் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி இழப்பின் ஒரு பகுதியை நிரப்பிவிடுகிறது. விரல் மாறுந்தோறும் முதல் திறந்த துளையும் மாறுவதால், நடுக்கோடும் சுரத்துக்குச் சுரம் சற்று நகர்கிறது. ஒரு கீர்த்தனையில் சில சுரங்கள் மட்டும் மெலிந்து கேட்பதற்கும், வாசிப்பவர் உடலை அசைக்கும்போது நாதத்தின் நிறம் மாறுவதற்கும் இதுவே காரணம்.

நடுக்கோட்டைத் தவிர்க்கக் குழலின் கடைமுனைக்கு நேரே கைத்தொலைபேசியை வைப்பது பொருந்தாது. அந்தத் திசையில் ஊதுதுளையின் அலை குழலின் நீளத்தைக் கடந்து பிந்தி வருவதால், எல்லா அதிர்வுகளும் ஓரளவு மெலிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே, நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகிய ஒரு திசை உண்டு. அங்கே தாரஸ்தாயிச் சட்ஜத்தின் அடிப்படையான இரண்டாம் அதிர்வு முழு வலிமையோடு சேர, ஒற்றை இலக்க அதிர்வுகள் சிறிதே குறைகின்றன. இரு ஸ்தாயிகளும் ஒன்றோடொன்று ஒத்து நிற்கும் இடம் அதுவே.

அந்த இடத்தை ஓர் அறையில் அளந்து காண்பது எளிது. பாயிற் சம்மணமிட்டு, குழலைத் தன் வலப்புறமாக நீட்டி வாசிக்கும் ஒருவரைக் கருதுக. ஊதுதுளைக்கும் மூன்றாம் துளைக்கும் நடுவே உள்ள புள்ளியிலிருந்து நேர் முன்னே 70 சென்ரிமீற்றர் அளந்து, அங்கிருந்து குழலின் கடைமுனைப் பக்கமாக 40 சென்ரிமீற்றர் நகர்ந்தால், வேண்டிய கோணமும் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் தூரமும் கிடைக்கும். கணக்கின்படி இடப்புறம் நகர்ந்தாலும் பயன் ஒன்றே; ஆனால் கடைமுனைப் பக்கம் உதட்டிலிருந்து அகன்றிருப்பதால் மூச்சொலி குறைகிறது. உயரத்தைப் பொறுத்தவரை, ஒலிவாங்கித் துளை நெற்றி மட்டத்துக்கு வரும்படி, ஒரு கதிரையின் மேல் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் விளிம்பில் கைத்தொலைபேசியைச் சாய்த்துக் கட்டிவைக்கலாம். ஊதிய காற்று முன்னோக்கியும் கீழ்நோக்கியும் செல்வதால், துளை உதட்டுக்கு மேலே இருக்கும்போது அக்காற்று அதில் மோதுவதில்லை. கதிரையின் இருக்கை, புத்தகம் ஆகியவற்றிற் பட்டுத் தெறிக்கும் ஒலி நேரொலியோடு கலவாதிருக்க, அவற்றின் மேல் மடித்த கம்பளமோ தடித்த துவாயோ விரிப்பது நன்று.

80 சென்ரிமீற்றர் தூரம் வேறொரு காரணத்தாலும் தேவைப்படுகிறது. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் உட்புகும் ஒலியின் அளவைக் குறைக்கும் வசதி வெளியே தெரிவதில்லை. தூரமே அங்கே அளவுகோல். மிக அருகில் வாசிக்கப்படும் தாரஸ்தாயிப் பஞ்சமம் ஒலிவாங்கியின் தாங்குநிலையைக் கடந்துவிடும். அவ்வாறு கடந்ததைப் பதிவின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அறியலாம். முகடுகள் வளைந்திருக்க வேண்டிய இடத்தில் வெட்டியதுபோலத் தட்டையாக இருந்தால், அந்தப் பதிவை எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திருத்த முடியாது; பின்னோக்கி நகர்ந்து மீண்டும் பதிவதே வழி. மறுபக்கம், ஒரு மீற்றருக்கு மிக அப்பாற் சென்றால், வெறுஞ்சுவர் கொண்ட சிறிய அறையில் எதிரொலி குழலை மிஞ்சிவிடும்.

சீறலென்று தவறாக எண்ணப்படும் வேறொரு குறை கைத்தொலைபேசியின் உள்ளேயே பிறக்கிறது. பேச்சைத் தெளிவாக்குவதற்காக அமைந்த இரைச்சல் நீக்கி, மாறாமல் நீடிக்கும் ஒலியெல்லாம் மின்விசிறி போன்ற இரைச்சல் என்று கருதி அதனை அடக்குகிறது; நீட்டிப் பிடித்த சட்ஜம் அதற்கு இரைச்சலாகவே தோன்றுகிறது. பத்துச் செக்கன் அசையாது சட்ஜத்தைப் பிடித்துப் பதிந்து கேட்கும்போது, வாசிப்பு மாறாதிருக்க ஒலி மட்டும் மங்கினாலோ நீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தாலோ, குற்றம் இந்த நீக்கியினுடையது. ஐபோனில் Voice Memos செயலியின் அமைப்பில் Audio Quality என்பதை Lossless என மாற்றினால் சுருக்கத்தால் வரும் இழப்பு நீங்கும். சாம்சுங் கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் Standard முறையைத் தேர்வது தகும். குரற் செய்தியாக நேரே பதிந்து அனுப்புவதைத் தவிர்த்து, பதிந்த கோப்பை ஆவணமாக அனுப்ப வேண்டும்.

சோழகக் காற்று வீசும் மாதங்களில் விறாந்தையிற் பதிவது வீண். கைத்தொலைபேசியின் சிறு துளையிற் காற்று மோதினாலே பதிவு கெடும், வளவில் நிற்கும் பனைகளின் ஓலைச் சலசலப்பும் ஓயாது. யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாசிப்பவரின் எதிர்ச்சுவரில் ஒரு மெத்தையை நிமிர்த்திவைப்பது போதும். மெல்லிய சேலையைத் தொங்கவிடுவது மிக உயர்ந்த மீடிறன்களை மட்டுமே சிறிது உறிஞ்சும்.

இடத்தை உறுதிசெய்ய மூன்று பதிவுகள் வேண்டும்: நடுக்கோட்டில் ஒன்று, 40 சென்ரிமீற்றர் நகர்ந்து ஒன்று, கடைமுனைக்கு நேரே ஒன்று. ஒவ்வொன்றிலும் மத்திமச் சட்ஜமும் தாரச் சட்ஜமும் ஒரே மூச்சளவில் வாசிக்கப்பட்டு, காதொலிப்பானில் அடுத்தடுத்துக் கேட்கப்பட வேண்டும். கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்த வேறுபாடு தெளிவாகக் கேட்காது.

தபேலாவுக்கு இவ்விதழில் இடம் இல்லாமற் போய்விட்டது. இந்தியத் தோல்வாத்தியத்தின் மேற்றொனிகள் ஏன் நரம்பு வாத்தியத்தினுடையவை போல ஒழுங்காக அமைகின்றன என்பதை சி. வி. இராமனும் சிவகாளி குமாரும் 1920ஆம் ஆண்டு நேச்சர் இதழில் எழுதினர். அந்த விளக்கத்திலிருந்தே தபேலாவின் ஒலிவாங்கி இடத்துக்குரிய விடையும் தொடங்குகிறது. தபேலா வாசிப்போர் அடுத்த கிழமைக்குள் வலந்தலையின் விளிம்புக்கு நேர் மேலே ஒரு முறையும், கரணைக்கு நேர் மேலே ஒரு முறையும், இரண்டையும் 40 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, ஒரே சொற்கட்டைப் பதிந்து வைத்திருப்பின், அந்த இரு பதிவுகளையும் கேட்டபடியே அடுத்த பகுதியை வாசிக்கலாம்.