25 சதவீத லாபமும் 25 சதவீதத் தள்ளுபடியும்

ஈரோடு ஜவுளிச் சந்தையில் ஒரு நைட்டியை 192 ரூபாய்க்கு எடுக்கிறார் ஒரு சிறு வியாபாரி. பஸ் செலவு, சுமைகூலி சேர்த்தால் அடக்கம் 200. விற்பது 250-க்கு. லாபம் 50, அடக்க விலையில் இது 25 சதவீதம். பள்ளிக்கூடக் கணக்கும் இதையே சொல்லும்.

சிக்கல் ஆடியில் வருகிறது. ‘25 வைத்திருக்கிறோமே, 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் அசல் தேறிவிடும்’ என்று பலகை எழுதி மாட்டுகிறார். ஆனால் தள்ளுபடி கழிவது 250 ரூபாயிலிருந்து. கைக்கு வருவது 187 ரூபாய் 50 காசு. உருப்படிக்குப் பன்னிரண்டரை ரூபாய் நஷ்டம். கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடும். அந்த 50 ரூபாய், விற்பனை விலையில் 20 சதவீதம்தான். தள்ளுபடியின் எல்லையும் அதுவே.

கல்லாவிலும் இதே கதை. நாள் விற்பனை 10,000 ரூபாய் என்றால் லாபம் 2,000. கால்வாசி என்று நினைத்து 2,500-ஐ வீட்டுச் செலவுக்கு எடுத்தால், 500 ரூபாய் அடுத்த கொள்முதல் பணத்திலிருந்து போகிறது. நன்றாக விற்றும் சரக்கு எடுக்கப் பணம் குறைகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எந்த விகிதத்துக்கும் வழி ஒன்றுதான்: லாபத்தை விற்ற விலையால் வகுக்க வேண்டும். அடக்கத்தின் மேல் 50 சதவீதம் வைத்தாலும், விற்பனையில் அது மூன்றில் ஒரு பங்குதான்.